இணையம் எந்த இடத்தில் அறுபடுகிறது? ரூட்டர் லாகை வாசிக்கும் முறை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் தண்ணீர் மோட்டார், லிப்ட் பராமரிப்பு இரண்டையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, இணையம் அடிக்கடி அறுந்துபோவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். இரண்டாம் மாடியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் தம்பிக்கு ஆபீஸில் எச்சரிக்கைக் கடிதமே வந்துவிட்டது. முடிவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, எல்லா வீட்டுக்கும் புது ரூட்டர் வாங்குவது. இன்னொன்று, கம்பெனியையே மாற்றுவது. இரண்டிலும் நம் கைக்காசு போகும். அதனால் பணம் கட்டுவதற்கு முன், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வாரம் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மூன்று வீட்டு ரூட்டர்களின் லாகைச் சேர்த்து வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள்.

நான் கணினி படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் லாக் என்பது வேறொன்றுமில்லை; ரூட்டர் தானாக எழுதி வைக்கும் நாளேடு. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு நாளேடுகளை எதிரெதிரே வைத்து டிக் போட்டுச் சரிபார்ப்பது எங்கள் பிழைப்பாக இருந்தது. அதே வேலையைத்தான் இங்கேயும் செய்தேன். நீங்களும் செய்யலாம் என்பதற்காகவே இதை விவரமாகச் சொல்கிறேன்.

ரூட்டர் உள்ளே நுழைவது எப்படி?

லாகில் உள்ள வரிகள் புரிய வேண்டுமானால், ரூட்டர் கம்பெனியிடம் எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நம் கட்டடத்தில் கம்பெனியின் பைபர் கேபிள், மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டி வரை வருகிறது. அந்தப் பெட்டியில் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் ஓஎன்டி என்ற சிறு கருவியும், ஒரு சுவிட்சும் இருக்கின்றன. சுவிட்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் கேபிள் போகிறது. கேபிள் வந்தவுடன் இணையம் வந்துவிடாது. நம் வீட்டு ரூட்டர், கம்பெனி கொடுத்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி உள்ளே நுழைய வேண்டும். திரையில் `PPPoE` என்று பார்க்கிறீர்களே, அது இந்த நுழைவு முறையின் பெயர். டெலிபோனில் டயல் செய்து இணையத்துக்குப் போன காலத்து முறையை, லேன் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றி 1999-இல் ஆர்எஃப்சி 2516 என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை.

நுழைவு நான்கு படிகளில் நடக்கிறது. முதலில் ரூட்டர், "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேபிளில் கூவுகிறது. கம்பெனியின் கருவி, "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்கிறது. லாகில் `PADO` என்று வருவது இந்தப் பதில்தான். அடுத்து இருவரும் பேச ஒரு செஷன் எண் தரப்படுகிறது. மூன்றாவதாகப் பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்க்கப்படுகின்றன. நான்காவதாக ஐபி முகவரி கிடைக்கிறது. அதன் பிறகுதான் உங்கள் போனில் படம் ஓடும்.

உள்ளே நுழைந்த பிறகும் ரூட்டர் சும்மா இருப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில், "இருக்கிறீர்களா?" என்று கம்பெனியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு `echo-request` என்று பெயர். தொடர்ந்து சில தடவை பதில் வராவிட்டால், எதிர்ப்பக்கம் ஆள் இல்லை என்று முடிவு செய்து இணைப்பைத் தானே முடித்துவிட்டு, முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். நாம் அனுபவிக்கும் "நெட் போச்சு, வந்துடுச்சு" என்பது பெரும்பாலும் இதுதான்.

சில கம்பெனிகள் இந்தப் பெயர், பாஸ்வேர்டு முறையை வைத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய கருவியையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட இணைப்பு வைத்திருப்பவர்களின் லாகில் நான் சொல்லும் வரிகள் வராது.

ரீஸ்டார்ட் செய்யும் முன்

இந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். நெட் போனவுடன் ரூட்டரை அணைத்துப் போடாதீர்கள். பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் லாகைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. அணைத்தவுடன் அது அழிந்துவிடும். போனில் பேசும் கஸ்டமர் கேர் ஆள் முதலில் சொல்வது, "சார், ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதுதான். செய்யலாம். ஆனால் அதற்கு முன் லாகை எடுத்து வைத்துவிடுங்கள்.

எடுப்பது சுலபம். வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் `192.168.1.1` அல்லது `192.168.0.1` என்று அடியுங்கள். சரியான எண் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். உள்ளே போனதும் `System Log` என்ற பக்கத்தைத் தேடுங்கள். சேமிக்கும் பொத்தான் இருந்தால் சேமியுங்கள். இல்லையென்றால் திரையை போனில் படம் எடுங்கள். இணையம் இல்லாத நேரத்திலும் இந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எடுத்தவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று வீட்டில் ஒரு வீட்டு ரூட்டர் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கி எழுதிக்கொண்டிருந்தது. அது கெட்டுப்போன கடிகாரம் இல்லை. உலகப் பொது நேரத்தில் இருந்தது. நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். சில வரிகளில் 1970-ஆம் வருஷத்துத் தேதி இருந்தாலும் பயப்பட வேண்டாம். ரூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது, இணையம் கிடைத்துச் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ளும் முன் அந்த வரியை எழுதியிருக்கிறது என்று பொருள். அதாவது அந்த நேரத்தில் உங்கள் வீட்டு ரூட்டருக்கே மின்சாரம் போயிருக்கலாம். அதுவே ஒரு துப்பு.

இன்னொரு எச்சரிக்கை. லாகில் உங்கள் பயனர் பெயரும், கருவிகளின் மேக் முகவரியும் இருக்கலாம். முழு லாகையும் அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

அறுபடுவதில் நான்கு வகை

லாகில் நூறு வரி இருந்தாலும், அறுபட்டதற்கு முந்தைய வரி, அதற்குப் பிந்தைய வரி ஆகிய இரண்டையும் பார்த்தால் போதும். யார் போனை வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். ரூட்டர் கம்பெனியைப் பொறுத்து வாசகம் கொஞ்சம் மாறும்; பொருள் மாறாது.

முதல் வகை, எதிர்ப்பக்கம் மௌனமானது. தரைத்தள வீட்டில் செவ்வாய்க்கிழமை பதிவானது இது.

```
14:12:07 No response to 5 echo-requests
14:12:07 Serial link appears to be disconnected.
14:12:07 Connect time 168.4 minutes.
14:12:33 Timeout waiting for PADO packets
14:13:41 PPP session is 5120
14:13:42 CHAP authentication succeeded
```

ஐந்து தடவை கேட்டும் பதில் இல்லை என்று முதல் வரி சொல்கிறது. அறுபடும் முன் இணைப்பு 168.4 நிமிடம் நின்றிருக்கிறது. அடுத்து ரூட்டர் மறுபடி கூவிப் பார்த்தது. அதற்கும் பதில் வரவில்லை. ஒன்றரை நிமிடம் கழித்துப் பதில் வந்தது, பாஸ்வேர்டு ஏற்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பாஸ்வேர்டில் எந்தத் தகராறும் இல்லை என்பது. வழியில் எங்கோ பேச்சு போய்ச் சேரவில்லை. எங்கே என்று இந்த ஒரு லாக் சொல்லாது.

இரண்டாவது வகை, கேபிளே கழன்றது போன்ற பதிவு.

```
05:48:16 Network device 'eth1' link is down
05:48:19 Network device 'eth1' link is up
```

`eth1` என்பது அந்த ரூட்டரில் லேன் கேபிள் செருகும் வாய். அந்த வாய்க்கும் படிக்கட்டுப் பெட்டியில் உள்ள சுவிட்சுக்கும் நடுவே மின்தொடர்பு மூன்று விநாடி அறுந்திருக்கிறது. இந்த வரி வந்தால் தேடும் இடம் மிகவும் சுருங்கிவிடும். கேபிள், அதன் இரு முனைகள், சுவிட்ச், சுவிட்சுக்கு வரும் கரண்ட், ரூட்டரின் வாய் இவ்வளவுதான். மறுபுறம், முதல் வகையில் இந்த வரி வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இல்லாத வரியும் ஒரு சாட்சிதான். வீட்டிலிருந்து பெட்டி வரை தொடர்பு நன்றாக இருந்தது, அதற்கு அப்பால்தான் போனது என்று அது சொல்கிறது.

மூன்றாவது வகை, கம்பெனியே போனை வைத்தது.

```
15:21:09 LCP terminated by peer
15:21:09 Connect time 1440.0 minutes.
15:21:20 PPP session is 5344
15:21:21 CHAP authentication succeeded
```

`peer` என்றால் எதிர்ப்பக்கம். நிமிடக் கணக்கைப் பாருங்கள். 1440 நிமிடம் என்பது சரியாக 24 மணி நேரம். கோளாறு இப்படி வட்டமான எண்ணில் வராது. ஒரு செஷன் இவ்வளவு நேரம்தான் என்று கம்பெனி தன் சர்வரில் வரம்பு வைத்திருக்கிறது. நேரம் முடிந்ததும் வைத்துவிட்டது. ஜெர்மனியில் வீட்டு இணைப்புகளை 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை துண்டிப்பது பல வருஷம் வழக்கமாகவே இருந்தது. மக்கள் ரூட்டரில் விடிகாலை நேரத்தைக் குறித்து, தூங்கும்போது அது நடக்கும்படி வைத்துக்கொண்டார்கள். நமக்கும் அதே வழிதான். விடிகாலை நான்கு மணிக்கு ஒரு தடவை இணைப்பைப் புதுப்பித்துவிட்டால், வேலை நேரத்தில் அந்தப் பத்து விநாடி அறுபடாது. ஆனால் `terminated by peer` என்ற வரி 1440 இல்லாமல் 12 நிமிடம், 50 நிமிடம் என்று கன்னாபின்னாவென்று வந்தால், அது கம்பெனி சர்வரில் உள்ள தகராறு. அதற்கு உங்கள் ரூட்டரை மாற்றிப் பயனில்லை.

நான்காவது வகை, பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை.

```
16:02:44 CHAP authentication failed
```

இதைப் பார்த்தவுடன் பாஸ்வேர்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். முதல் வகையில் அறுபட்ட உடனே இந்த வரி ஓரிரு தடவை வந்து, சில நிமிடத்தில் தானே சரியானால் காரணம் வேறு. நம் பக்கம் அறுந்தது கம்பெனி சர்வருக்கு உடனே தெரிவதில்லை. பழைய செஷன் இன்னும் இருக்கிறது என்று நினைத்து, ஒரே பெயரில் இரண்டாவது ஆளை உள்ளே விட மறுக்கிறது. பழைய செஷன் காலாவதியானதும் விட்டுவிடும். ஆனால் மணிக்கணக்கில் இதே வரி வந்துகொண்டிருந்தால், பிளான் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். புது ரூட்டர் மாட்டிய அன்றே வந்தால், கம்பெனி பழைய ரூட்டரின் மேக் முகவரியைக் கணக்கோடு பூட்டி வைத்திருக்கலாம். போன் செய்து விடுவிக்கச் சொல்ல வேண்டும்.

நம் கட்டடத்துக் கணக்கு

இனி நம் விஷயத்துக்கு வருவோம். தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மேலுக்கு ஒரு வீடாக மூன்று வீடுகள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள். ஒவ்வொரு அறுபடலுக்கும் ஒரு வரி. நேரம், வகை, எத்தனை நிமிடம் நின்றது என்று மூன்று கட்டம்.

மொத்தம் பார்த்தால் தரைத்தளத்தில் 13, முதல் மாடியில் 13, இரண்டாம் மாடியில் 28. இந்த மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால், இரண்டாம் மாடித் தம்பியின் ரூட்டர்தான் மோசம் என்று சொல்லியிருப்போம். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடும்போது மொத்தத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை. இந்த ஏட்டில் உள்ளது அந்த ஏட்டிலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் போடுவோம். டிக் விழாமல் மிஞ்சுவதில்தான் விஷயம் இருக்கும். அப்படியே செய்தேன். ஒரு வீட்டில் அறுபட்டது, இரண்டு நிமிடத்துக்குள் மற்ற இரண்டு வீட்டிலும் அறுபட்டிருக்கிறதா? அந்த இரண்டு நிமிடச் சலுகை தேவை, ஏனென்றால் ஒவ்வொரு ரூட்டரும் எத்தனை தடவை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருகிறது என்பது வேறுபடும். ஒரே நேரத்தில் அறுந்தாலும் முன்பின்னாகத்தான் எழுதும்.

டிக் போட்டு முடித்ததும் 11 அறுபடல்கள் மூன்று வீட்டுக்கும் பொதுவாக நின்றன. அத்தனையும் முதல் வகை. ஒன்றில்கூட `link is down` இல்லை.

தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் மிஞ்சியவை தலா இரண்டு. அவை வெள்ளியும் சனியும் வந்த 1440 நிமிடக் கணக்கு. இரண்டாம் மாடியில் அந்த 1440 ஒன்றுகூட இல்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. 24 மணி நேரம் தொடர்ந்து நின்றால்தானே அந்த வரம்பைத் தொட முடியும்? அவர் வீட்டில் ஒரு செஷனும் ஒரு முழு நாள் நிற்கவில்லை.

இரண்டாம் மாடியில் மிஞ்சியவை 17. அத்தனையும் `link is down`, பாதிக்கு மேல் விடியற்காலையில். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் எதுவும் இல்லை. ஆக, சுவிட்சுக்கு கரண்ட் போயிருக்க முடியாது. போயிருந்தால் மூன்று வீட்டிலும் அந்த வரி வந்திருக்கும். அவருடைய கேபிளில் மட்டும்தான் கோளாறு. அந்தக் கேபிள் கடல் பக்கத்துச் சுவரின் வெளிப்புறமாக ஏறுகிறது. நடுவில் ஓர் இணைப்பான் வெட்டவெளியில் தொங்குகிறது. வேம்பாரில் கிரில் கம்பி என்ன பாடுபடுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இணைப்பானைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த செம்புப் பின்களில் பச்சை பூத்திருந்தது. உப்புப் படிந்த இடத்தில் பனி ஈரம் இறங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் ஓரளவு நிற்கிறது. இணைப்பானை எடுத்துவிட்டு, இடையில் ஒட்டில்லாத ஒரே கேபிளாகக் கட்டடத்தின் உட்புறம் இழுத்தோம். அடுத்த வாரம் அவர் லாகில் `link is down` வரவில்லை. புது ரூட்டர் வாங்கியிருந்தாலும் இந்தப் பதினேழும் அப்படியே இருந்திருக்கும்.

அந்தப் பதினொன்று

பொதுவான 11 பாக்கி. மூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில், வீட்டிலிருந்து பெட்டி வரை தொடர்பு இருக்கும்போதே அறுபடுகிறது என்றால், கோளாறு பெட்டிக்கும் கம்பெனிக்கும் நடுவில். இதற்கு மேல் ரூட்டர் லாகுக்குக் கண் தெரியாது. அது பைபரைப் பார்ப்பதில்லை. பதில் வரவில்லை என்று மட்டும் எழுதும். மேலே போக வேறொரு சாட்சி வேண்டும். அது பெட்டியில் உள்ள ஓஎன்டியின் விளக்கு.

ஓஎன்டியில் `LOS` என்று எழுதிய விளக்கு இருக்கும். கம்பெனியிலிருந்து ஒளி வரவில்லை என்றால் அது சிவப்பாகும். அறுபடும் நேரத்தில் அது சிவப்பானால் பைபரில் கோளாறு. சிவப்பாகாமல், `PON` விளக்கும் பச்சையாகவே நின்று, அப்போதும் `PADO` வரவில்லை என்றால், ஒளி வருகிறது, ஆனால் அதற்கு அப்பால் கம்பெனியின் சர்வர் பேசவில்லை என்று பொருள். இரண்டுக்கும் வர வேண்டிய ஆட்கள் வேறு. முதலாவதற்கு ஏணியோடு வரும் ஆள்; இரண்டாவதற்கு யாரும் இங்கே வந்து பயனில்லை.

எப்போது விளக்கைப் பார்ப்பது? லாகே நேரம் சொன்னது. திங்கள் மூன்று, செவ்வாய் இரண்டு, புதன் இரண்டு, வியாழன் மூன்று, ஞாயிறு ஒன்று. பதினொன்றும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கரை மணிக்கும் இடையில். வெள்ளி, சனி ஒன்றும் இல்லை. பிற்பகலில் நமக்கு என்ன வருகிறது? கடல் காற்று. வெள்ளியும் சனியும் மொட்டை மாடியில் துணி ஆடாமல் கிடந்ததாகப் பலர் சொன்னார்கள். இது நிரூபணம் இல்லை, சந்தேகம் மட்டும்தான். அதற்கு அடுத்த திங்கட்கிழமை மதியம் வாட்ச்மேன் அண்ணாச்சியைப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னோம். இரண்டு தடவை `LOS` சிவப்பானது. இரண்டு நேரத்தையும் குறித்துக் கொடுத்தார். மூன்று வீட்டு லாகிலும் அதே நிமிடங்களில் `No response` இருந்தது.

அதோடு கம்பெனிக்குப் புகார் போனது. வந்த டெக்னீஷியன் ஒளி அளக்கும் மீட்டரைப் பெட்டியில் மாட்டினார். இந்த அளவு டிபிஎம் என்ற கணக்கில் மைனஸ் எண்ணாக வரும். எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல். வீட்டு பைபர்களில் பரவலாக உள்ள வகைக்கு மைனஸ் 27 என்பது விளிம்பு. நம் பெட்டியில் காற்று அமைதியாக இருந்தபோது மைனஸ் 26 காட்டியது. வேலை செய்யும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. காற்றில் கேபிள் ஆடும்போது மைனஸ் 29 வரை போனது. சாலையோரக் கம்பத்தில் கேபிளை முழங்கை போல மடித்துக் கட்டியிருந்தார்கள். பைபர் கண்ணாடி இழை. அதிகமாக மடங்கினால் ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். காற்று அடிக்கும்போது மடிப்பு இன்னும் இறுகியிருக்கிறது. அகலமான சுருளாகக் கட்டி, அருகில் இருந்த பழைய இணைப்பையும் புதிதாக ஒட்டியபின் மைனஸ் 21-இல் நின்றது. அதற்குப் பிந்தைய பத்து நாளில் மூன்று வீட்டிலும் முதல் வகை அறுபடல் இல்லை. 1440 மட்டும் தினமும் வருகிறது. அதை விடிகாலைக்கு மாற்றிவிட்டோம்.

புகாரில் என்ன எழுதுவது?

"நெட் சரியில்லை" என்று சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். நாம் எழுதியது இது: "மூன்று இணைப்புகளில் ஏழு நாளில் 11 தடவை ஒரே நேரத்தில் துண்டிப்பு. ரூட்டரின் லேன் தொடர்பு அறுபடவில்லை. பாஸ்வேர்டு பிழை இல்லை. துண்டிப்பின்போது பெட்டியில் `LOS` சிவப்பு. நேரப் பட்டியல் இணைப்பு." இதற்கு ரீஸ்டார்ட் என்று யாரும் பதில் சொல்ல முடியவில்லை. ஏணியோடு ஆள் வந்தார்.

புகார் கொடுத்ததும் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். டிராயின் 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் புகார் தீர்வு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்யலாம். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக எடுத்து விசாரிப்பதில்லை. அதனால் இந்த எண்ணும் தேதியும்தான் உங்கள் கையில் உள்ள ரசீது.

கடைசியாக, லாக் சொல்லாத ஒன்று. வீடியோ நின்று நின்று ஓடுகிறது, ஆனால் அந்த நேரத்தில் லாகில் அறுபட்டதாக எந்த வரியும் இல்லை என்றால், நான் இதுவரை சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ரூட்டர் உள்ளேதான் இருக்கிறது. அது வைஃபை எட்டாத அறையாக இருக்கலாம், கம்பெனி வழியில் நெரிசலாக இருக்கலாம். ரூட்டருக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும்.

வாட்ச்மேன் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, நேரம், வீட்டு எண், லாகில் இருந்த வரி, `LOS` நிறம் என்று ஐந்து கட்டம் கோடு போட்டிருக்கிறது. அறுபட்டால் முதலில் லாகைப் படம் எடுங்கள், பிறகு கீழே வந்து விளக்கைப் பாருங்கள், நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ரீஸ்டார்ட் அதற்குப் பிறகு. கேள்வி இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு லாகோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.